லாபம் குறைந்தது, இ.பி.எஸ் உயர்ந்தது: பங்குகளைத் திரும்ப வாங்கும் கணக்கு

டி.சி.எஸ் என்று அழைக்கப்படும் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2016-17 நிதியாண்டில் 26,289 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டியது. அடுத்த ஆண்டு அது 25,826 கோடியாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் பங்கு ஒன்றுக்கான வருமானம், அதாவது சந்தையில் இ.பி.எஸ் என்று சொல்லப்படும் எண், 133.41 ரூபாயிலிருந்து 134.19 ரூபாயாக உயர்ந்தது. லாபம் ஏறக்குறைய 1.8 சதவீதம் இறங்கியபோது, பங்குதாரர் ஒருவரின் கணக்கில் வரும் லாபம் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. கணக்கில் எந்தத் தவறும் இல்லை. 2017 மே மாத இரண்டாம் பாதியில் அந்த நிறுவனம் தன் பங்குகளில் 5.61 கோடியைப் பங்குதாரர்களிடமிருந்து திரும்ப வாங்கி, அவற்றை இல்லாமல் ஆக்கியதே காரணம்.

இ.பி.எஸ் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே நிகர லாபம். கீழே பங்குகளின் எண்ணிக்கை. லாபம் கூடினாலும் விடை கூடும், பங்குகள் குறைந்தாலும் விடை கூடும். ‘பைபேக்’ எனப்படும் திரும்ப வாங்கலில் நிறுவனம் தன் கையிருப்புப் பணத்தைக் கொடுத்துத் தன் பங்குகளை வாங்குகிறது. இந்தியச் சட்டப்படி அப்படி வாங்கிய பங்குகளைப் பத்திரமாக வைத்திருந்து பின்னொரு நாள் விற்க முடியாது. வாங்கும் பணி முடிந்த ஏழு நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும். அழிந்த பங்குக்கு ஓட்டுரிமை இல்லை, டிவிடெண்ட் இல்லை, லாபத்தில் பங்கும் இல்லை. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் நிறுவனத்தில் முன்பைவிடச் சற்றுப் பெரிய பாகம் கிடைக்கிறது.

டி.சி.எஸ் கணக்கில் இது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். திரும்ப வாங்குவதற்கு முன் நிறுவனத்துக்கு 197.04 கோடி பங்குகள் இருந்தன. பங்கு ஒன்றுக்கு 2,850 ரூபாய் வீதம் 16,000 கோடி ரூபாய் செலவிட்டு 5.61 கோடி பங்குகளை வாங்கியது. மீதம் 191.43 கோடி. ஆனால் 25,826 கோடியை 191.43 கோடியால் வகுத்தால் 134.91 வருகிறது, அறிக்கையில் இருக்கும் 134.19 வரவில்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பங்குகள் அழிக்கப்பட்டதோ ஜூன் தொடக்கத்தில். ஆண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு மேல் பழைய எண்ணிக்கையும், மீதி நாட்களுக்குப் புதிய எண்ணிக்கையும் நிலவின. எத்தனை நாள் எத்தனை பங்கு இருந்தது என்று பார்த்து எடுக்கும் இந்தச் சராசரி ஏறக்குறைய 192.46 கோடி. அதனால் வகுத்தால் 134.19 சரியாக வந்துவிடுகிறது. எனவே திரும்ப வாங்கிய ஆண்டில் அதன் விளைவு முழுதாகத் தெரியாது. எஞ்சிய பகுதி மறு ஆண்டில்தான் தெரியும்.

இதுவரை பார்த்தது கணக்கின் கீழ்ப்பகுதி மட்டும். பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன: பங்குகள் குறைந்தன, இ.பி.எஸ் கூடியது, பங்குதாரருக்கு நன்மை. மேற்பகுதியிலும் ஒரு மாற்றம் நடக்கிறது என்பதை அவை விட்டுவிடுகின்றன. வெளியே போன 16,000 கோடி ரூபாய் பெட்டியில் சும்மா இருந்த பணமல்ல. வங்கி வைப்பிலும் கடன் பத்திரங்களிலும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் இருந்து வருமானம் தந்துகொண்டிருந்த பணம். அது போனால் அந்த வருமானமும் போகும்.

எவ்வளவு போகும்? ஒரு அனுமானத்துக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,120 கோடி ரூபாய். அதில் 35 சதவீதத்தை வருமான வரியாகக் கழித்தால் 728 கோடி நிற்கும். இது 26,289 கோடி லாபத்தில் ஏறத்தாழ 2.8 சதவீதம். திரும்ப வாங்கிய பங்குகளோ மொத்தத்தில் 2.85 சதவீதம். மேலே குறைவதும் கீழே குறைவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியானால் முழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் இ.பி.எஸ் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

2017-18 ஆண்டுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். பணம் ஏறத்தாழ பத்து மாதங்கள் நிறுவனத்திடம் இல்லை. அந்தப் பத்து மாத வருமானம், வரி போக, 607 கோடி ரூபாய். டி.சி.எஸ் பங்குகளைத் திரும்ப வாங்காமலே இருந்திருந்தால் இந்த 607 கோடியும் சேர்ந்து லாபம் 26,433 கோடியாக இருந்திருக்கும். அதைப் பழைய 197.04 கோடி பங்குகளால் வகுத்தால் 134.15 ரூபாய். உண்மையில் வந்தது 134.19. இடைவெளி நான்கு காசு. வட்டி வீதத்தைச் சற்று மாற்றி வைத்தால் இந்த நான்கு காசும் எந்தப் பக்கமும் சாயலாம். ஆக, லாபம் குறைந்தும் இ.பி.எஸ் உயர்ந்தது என்ற விநோதத்தில், லாபம் குறைந்ததற்கும் இ.பி.எஸ் உயர்ந்ததற்கும் அதே 16,000 கோடிதான் பெருமளவு காரணம் என்று இந்த அனுமானக் கணக்கு காட்டுகிறது.

இதிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பங்கின் இ.பி.எஸ்-ஐ நிறுவனம் கொடுக்கும் விலையால் வகுக்க வேண்டும். 133.41-ஐ 2,850-ஆல் வகுத்தால் 4.68 சதவீதம். அந்த விலைக்குப் பங்கை வாங்கும்போது ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 4.68 ரூபாய் லாபத்துக்கான உரிமை நீக்கப்படுகிறது என்று பொருள். இன்னொரு பக்கம், அதே நூறு ரூபாய் வரி போகத் தந்துகொண்டிருந்தது, மேலே சொன்ன அனுமானப்படி, 4.55 ரூபாய். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருந்தால் இ.பி.எஸ் ஏறும், சிறியதாக இருந்தால் இறங்கும். டி.சி.எஸ் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் சில காசு வித்தியாசத்தில் முடிந்தது. பங்குகளைத் திரும்ப வாங்கினால் இ.பி.எஸ் கட்டாயம் உயரும் என்ற பரவலான நம்பிக்கை தவறு. விலை மலிவாக இருந்தால் நன்றாக உயரும்; விலை மிக உச்சத்தில் இருந்தால் இறங்கவும் செய்யும்.

இறங்குவதற்கும் அதே நிறுவனத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2018-ல் டி.சி.எஸ் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கொடுத்தது. அதனால் பழைய 2,850 ரூபாய் விலையை இன்றைய பங்குக் கணக்கில் 1,425 ரூபாய் என்று படிக்க வேண்டும், 5.61 கோடி பங்குகளை 11.2 கோடி என்று எண்ண வேண்டும். அதே 2018-ல் மீண்டும் 16,000 கோடி ரூபாய்க்கு, பங்கு ஒன்று 2,100 ரூபாய் வீதம் 7.62 கோடி பங்குகளை வாங்கியது. 2020-ல் மறுபடி 16,000 கோடி. விலை 3,000 ரூபாய், கிடைத்தவை 5.33 கோடி பங்குகள். 2022-ல் 18,000 கோடி செலவிட்டும், விலை 4,500 ரூபாய் என்பதால், நான்கு கோடி பங்குகளே கிடைத்தன. பணம் ஏறத்தாழ அதே அளவு. குறைக்க முடிந்த பங்குகளோ 11.2 கோடியிலிருந்து நான்கு கோடிக்கு இறங்கிவிட்டன.

2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ்-ன் இ.பி.எஸ் 103.62 ரூபாய். அதை 4,500-ஆல் வகுத்தால் 2.3 சதவீதம். வரி போக மூன்று சதவீதம் தரும் சாதாரணமான முதலீட்டில் அந்தப் பணம் கிடந்திருந்தால்கூட அந்த ஆண்டின் இ.பி.எஸ் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். எதிர்காலத்தில் லாபம் வேகமாக வளர்ந்தால் இன்று அதிகம் போலத் தோன்றும் விலையும் நியாயமாகலாம். நிறுவனங்கள் அந்த நம்பிக்கையில்தான் வாங்குகின்றன. ஆனாலும் 2022-ன் எஞ்சிய மாதங்களில் பங்கின் சந்தை விலை அந்த 4,500-க்குக் கீழேயே இருந்தது. 2017-ல் செலவிட்ட பணம் 2022-ல் செலவிட்ட பணத்தைவிட, தொடர்ந்து பங்கை வைத்திருந்தவர்களுக்கு மிக நல்ல வேலை செய்தது என்பதில் ஐயமில்லை.

இ.பி.எஸ்-க்கு உடனடி நன்மை இவ்வளவு குறைவாக இருக்குமென்றால் 2017-ல் டி.சி.எஸ் ஏன் அந்த முடிவை எடுத்தது? முதல் காரணம் தேவைக்கு மேல் தேங்கிய பணம். மென்பொருள் சேவை நிறுவனத்துக்குப் பெரிய ஆலைகளும் இயந்திரங்களும் வேண்டியதில்லை. லாபத்தின் பெரும்பகுதி ரொக்கமாகவே வந்து சேருகிறது. 2016 இறுதியில் அந்த நிறுவனத்திடம் ரொக்கமும் எளிதில் பணமாக்கக்கூடிய முதலீடுகளுமாக 40,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. தொழிலில் போட முடியாத பணத்தை நிர்வாகம் பிடித்து வைத்திருந்தால், அது பங்கு மூலதனத்தின் மீது கிடைக்கும் லாப விகிதத்தைக் கீழே இழுக்கும். அதைவிடக் கவலைக்குரியது, கையில் மிதமிஞ்சிய பணம் உள்ள நிர்வாகங்கள் தேவையற்ற நிறுவனங்களை அதிக விலைக்கு வாங்கும் ஆபத்து. உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

அந்தக் காலத்தில் இந்தத் துறை முழுவதும் இந்த நெருக்கடி இருந்தது. சென்னையில் 1994-ல் தொடங்கி அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட காக்னிசன்ட்டை, எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் 2016 நவம்பரில் கடிதம் எழுதி நெருக்கியது. 2017 பிப்ரவரியில் காக்னிசன்ட் 340 கோடி டாலரைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அதே மாதம் டி.சி.எஸ் தன் திட்டத்தை அறிவித்தது. இன்ஃபோசிஸ் அந்த ஆண்டின் பிற்பகுதியில் 13,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது.

பணத்தைத் திருப்பித் தருவதற்கு டிவிடெண்ட் என்ற பழைய வழி இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு என்று கேட்கலாம். 2017-ல் அதற்கு விடை வரியில் இருந்தது. அப்போது டிவிடெண்ட் கொடுத்தால் நிறுவனம் விநியோக வரி கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, ஆண்டுக்கு பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் பெறுவோருக்கு 2016 பட்ஜெட் கூடுதலாக 10 சதவீத வரி விதித்திருந்தது. பட்டியலிடப்பட்ட பங்கைச் சந்தை வழியாகத் திரும்ப விற்றாலோ, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தவருக்கு நீண்டகால ஆதாய வரியே கிடையாது. டி.சி.எஸ் பங்குகளில் ஏறத்தாழ 73 சதவீதத்தை டாடா சன்ஸ் வைத்திருந்தது என்பதை நினைத்தால் இந்த வித்தியாசத்தின் எடை புரியும். இந்தச் சலுகை நீடிக்கவில்லை. 2019 ஜூலையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மீதும் 20 சதவீதத் திரும்ப வாங்கல் வரி வந்தது. 2024 அக்டோபரில் அது நீங்கி, பெறும் தொகையையே பங்குதாரரின் டிவிடெண்ட் போலக் கருதும் விதி வந்தது. வரி விதி மாறும்போதெல்லாம் நிறுவனங்களின் ஆர்வமும் கூடிக் குறைவதிலிருந்து, இ.பி.எஸ்-ஐவிட வரிதான் பல முடிவுகளைத் தீர்மானிக்கிறது என்று கொள்ளலாம்.

டிவிடெண்டுக்கு இல்லாத இன்னொரு வசதியும் இதில் உண்டு. டிவிடெண்டை ஒருமுறை உயர்த்திவிட்டுக் குறைத்தால் சந்தை அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளும். திரும்ப வாங்குவதை அடுத்த ஆண்டு செய்யாமல் விட்டால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தவிர, சந்தை விலையைவிடக் கூடுதல் விலை தர நிறுவனமே முன்வருவது, தன் பங்கின் மதிப்பு சந்தை நினைப்பதைவிட அதிகம் என்று நிர்வாகம் நம்புவதற்கான அறிகுறியாகவும் படிக்கப்படுகிறது. 2017-ல் டி.சி.எஸ் அறிவித்த விலை அன்றைய சந்தை விலையைவிடப் பதின்மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதல்.

இந்தக் கூடுதல் விலை யாருடைய பணம் என்பதைச் சிறு முதலீட்டாளர்கள் பலர் கவனிப்பதில்லை. அது நிறுவனத்தின் பணம். எனவே எல்லாப் பங்குதாரர்களுக்கும் சொந்தமானது. டெண்டர் முறையில் நிறுவனம் ஒரு பதிவு நாளைக் குறித்து, அன்று பங்கு வைத்திருப்போர் அனைவருக்கும் விகிதப்படி விற்கும் உரிமை தருகிறது. எல்லோரும் தங்கள் பங்குக்கு உரிய அளவை விற்றுவிட்டால் யாருக்கும் லாபமும் இல்லை, இழப்பும் இல்லை. உரிமை இருந்தும் விற்காதவர், விற்றவருக்குப் போகும் கூடுதல் விலையில் தன் பாகத்தைச் சுமக்கிறார். பதிவு நாளில் இரண்டு லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பங்கு வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களுக்காக 15 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்பது செபியின் விதி. ஒதுக்கீடு பெரியதாகவும் விண்ணப்பிப்போர் குறைவாகவும் இருக்கும்போது, உரிமைக்கு மேல் கொடுத்த பங்குகளும் ஏற்கப்படுவதுண்டு. ஆனால் சலுகைக் கடிதத்தைப் பிரிக்காமலே போடுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பால் பயனில்லை.

சொந்தப் பணத்தில் வாங்குவது ஒன்று, கடன் வாங்கிப் பங்கை வாங்குவது இன்னொன்று. வட்டி வீதம் மிகக் குறைவாக இருந்த ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனங்கள் பல இதைச் செய்தன. கடனுக்கான வட்டி, வரிச் சலுகை போக, மூன்று சதவீதம் என்றால், ஆறு சதவீத வருமானம் தரும் தன் பங்கை வாங்கும் எந்த நிறுவனத்தின் இ.பி.எஸ்-உம் உயர்ந்துவிடும். தொழில் ஒரு படிகூட முன்னேறியிருக்க வேண்டியதில்லை. உயர்வோடு சேர்ந்து வருவது ஆபத்து. மந்தநிலை வந்தால் டிவிடெண்டை நிறுத்தலாம். வட்டியை நிறுத்த முடியாது. இந்தியச் சட்டம் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. திரும்ப வாங்கிய பின் நிறுவனத்தின் கடன், அதன் பங்கு மூலதனமும் கையிருப்பு நிதியும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் இருந்தாலும் மூலதனத்திலும் நிதியிலும் 25 சதவீதத்துக்கு மேல் செலவிட முடியாது. ஒருமுறை முடிந்தபின் ஓராண்டு இடைவெளி வேண்டும். 1998 வரை இந்தியாவில் திரும்ப வாங்குவதற்கே இடமில்லை. மூலதனம் பங்குதாரருக்குத் திரும்பிப் போய்விட்டால் கடன் கொடுத்தவர் எதை நம்புவது என்பதே அந்தத் தடையின் அடிப்படை.

இ.பி.எஸ் என்ற ஒற்றை எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஐ.பி.எம் தெளிவான சான்று. 2015-ல் செயல்பாட்டு இ.பி.எஸ்-ஐ 20 டாலராக உயர்த்துவோம் என்று அந்த நிறுவனம் 2010-ல் அறிவித்தது. அதற்கான திட்டத்தில் பங்குகளைத் திரும்ப வாங்குவதும் வெளிப்படையான ஓர் அங்கம். பல பத்து பில்லியன் டாலர்கள் அதில் போயின. பங்கு எண்ணிக்கை குறையக் குறைய இ.பி.எஸ் ஏறியது, ஆனால் 2012 முதல் விற்பனை வருவாய் தொடர்ந்து சரிந்தது. மேகக் கணிமையில் அமேசான் போன்ற போட்டியாளர்கள் முந்திக்கொண்டிருந்த காலம் அது. 2014 அக்டோபரில் ஐ.பி.எம் அந்த 20 டாலர் இலக்கைக் கைவிட்டது. அதிகாரிகளின் ஊக்கத்தொகை இ.பி.எஸ்-உடன் கட்டப்பட்டிருக்கும் நிறுவனங்களில் இந்த ஆசை இன்னும் வலுவாக இருக்கும். ஆராய்ச்சியில் போடும் பணம் இ.பி.எஸ்-ஐ இந்த ஆண்டு குறைக்கும், பங்கு வாங்கப் போடும் பணம் இந்த ஆண்டே கூட்டும்.

அமெரிக்க நிறுவனங்களில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. ஒரு கதவில் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டே இன்னொரு கதவில் ஊழியர்களுக்குப் புதிய பங்குகளை வழங்குவார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவிட்டதாக அறிக்கை சொல்லும். மொத்தப் பங்கு எண்ணிக்கையோ அசையாமல் நிற்கும். அப்போது அந்தச் செலவு உண்மையில் ஊழியர் சம்பளத்தின் ஒரு பகுதி. பங்குதாரருக்குத் திரும்பி வந்த பணம் என்று அதை எண்ணுவது பிழை.

இத்தகைய விளைவுகளை நிறுவன அறிக்கையிலேயே பிரித்துப் பார்க்க முடியும். இ.பி.எஸ் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்பதை நிகர லாபத்தின் வளர்ச்சியோடு ஒப்பிட வேண்டும். இ.பி.எஸ் வேகமாகவும் லாபம் மெதுவாகவும் வளர்ந்திருந்தால் இடைவெளி பங்குகளின் எண்ணிக்கையிலிருந்து வந்தது. அடுத்து, நிறுவனம் கொடுத்த விலையை இ.பி.எஸ்-உடன் வைத்து முன்சொன்ன சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பணப்புழக்க அறிக்கை காட்டும். திரும்ப வாங்கிய ஆண்டிலேயே கடன் கூடியிருந்தால் எச்சரிக்கை தேவை. போனஸ் அல்லது பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் பழைய எண்களைத் திருத்திக்கொள்ளாமல் ஒப்பிடக் கூடாது. டி.சி.எஸ்-ன் 134.19 ரூபாய் 2018 போனஸுக்குப் பிந்தைய அறிக்கைகளில் 67.10 ரூபாய் என்றே காணப்படும்.